இரண்டாம் இலக்கத் தட்டு

"புதிய உணவு எதுவும், அது விற்கப்படும் சமையலறையில், விற்கப்படும் அளவில் சமைத்து, விற்கப்படும் நேரம் வரை வைத்திருந்த பின்னரே ருசி பார்க்கப்பட வேண்டும். பக்குவம் யாருடையது என்பது ருசி பார்ப்பவர்களுக்குத் தெரியலாகாது." மாத்தளையில் எங்கள் அலுவலகக் கன்டீன் குழுவின் ஏழாம் விதி இது. எழுதியவன் நான். ஆகையால் விதி மீறப்பட்டதை முதலில் கண்டவனும் நானே.

வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் சோறு விற்கக் கூடாது என்று அரசாங்கம் தடுத்திருந்த காலம். அந்த நாட்களுக்கு ஓர் உணவு வேண்டும் என்று குழு கேட்டது. குழுவின் செயலாளனான நான் குரக்கன் என்னும் கேழ்வரகில் பிட்டும், கத்தரிக்காய்ப் பொரியலும் முன்மொழிந்தேன். கணக்குப் பிரிவிலிருந்த நானா, சீமைப்பலா எனப்படும் ஈரப்பலாக்காயில் கறி என்றார். அவர் உக்குவளை முஸ்லிம்; அண்ணனை அவர்கள் அழைக்கும் அந்தச் சொல்லாலேயே அலுவலகத்தில் சிங்களவர், தமிழர் எல்லோருக்குமே அவர் நானாதான். பதினைந்து வருடம் அருகருகே மேசை போட்டிருந்தோம். நோன்புப் பெருநாளுக்குப் அலுவலகப் பெரியவர் முதல் பியூன் வரை அவர் வீட்டுக்குப் போவார்கள். பொங்கலுக்கு என் வீட்டுக்கு வாழ்த்து அட்டைதான் வரும்.

மனிதர் கறியை வீட்டில் சமைப்பித்து அடுக்குச் சட்டியில் கொண்டுவந்தார். ருசி பார்க்க நியமிக்கப்பட்டவர்கள் மூவர்: தலைமைக் கிளாக்கர், தட்டெழுத்தாளர் அம்மா, ஜீப் சாரதி. மூவரும் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தபோது நான் ஏழாம் விதியை வாசித்தேன்.

"இது செல்லாது. வீட்டில நாலு பேருக்குச் சமைச்சது. இஞ்ச அறுபது பேர்."

"அதுக்கென்ன ஐயா, அறுபது பேருக்கே ஆக்குவோம்," என்றார் நானா.

அடுத்த கிழமை இரண்டு உணவையும் கன்டீன் சமையற்காரரே சமைத்தார். பத்து மணிக்கு இறக்கி மூடி வைத்தோம். பன்னிரண்டரைக்கு இலக்கமிட்ட தட்டுகள் போயின. ஒன்று என்னுடையது. ருசி பார்க்குமுன் வெற்றிலை, சுருட்டு கூடாது, தட்டுக்குத் தட்டு நடுவே தண்ணீர் குடிக்க வேண்டும், பேசக் கூடாது. கடைசி விதியைச் சாரதி மதிக்கவில்லை.

"ஒண்ணாம் நம்பருக்கு நடுவுல இல்லீங்க, உள்ளயே தண்ணி வேணும். தொண்டைல நிக்குது."

ஆறிய குரக்கன் பிட்டு இறுகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இவ்வளவு இறுகும் என்பதே தெரியாதது. ஈரப்பலாவோ அந்த இரண்டரை மணி நேரத்தில் தேங்காய்ப் பாலையும் மாசிக் கருவாட்டையும் குடித்துக் கொழுத்திருந்தது. என் விதி நானாவுக்காகவே எழுதப்பட்டது போல இருந்தது.

"ரெண்டாவது நானாடதுதானே?" என்றார் தட்டெழுத்தாளர் அம்மா. "வாசமே சொல்லுதே."

மூன்று வாக்கும் இரண்டாம் தட்டுக்கு. மீதி இருந்தது நானா எழுதித் தந்த விலைக்கணிப்பு. அதில் நான் யாருக்கும் இளைத்தவனல்ல.

"நீர் போட்டது முழுக்காயின்ர நிறை. தோலும் நடுத்தண்டும் ஆர் தின்னுறது? கழிவு போகத்தான் கணக்கு. காயும் உம்மட தோட்டத்துக் காய். சந்தை விலை எங்க? விறகு எங்க?"

எல்லாம் சேர்த்தபோது ஒரு தட்டின் அடக்கவிலை எங்கள் உச்சவரம்பைத் தாண்டியது. அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நானா தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரியாத்தான் புடிச்சிருக்கிறீங்க. அப்ப மாசியப் பாதியாக்குவோம். மொதல் பாலுக்குப் பதிலா ரெண்டாம் பால் ஊத்தி, கொஞ்சம் தேங்காய் வறுத்து அரைப்போம்."

"பக்குவம் மாறினா மறுபடியும் ருசி பாக்கவேணும்."

"பாக்கட்டுமே. அவங்க வேணாங்கிறாங்களா?"

அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபடியும் அறுபது பேருக்குச் சமைத்தோம். மூவரும் மறுபடியும் விரலைச் சூப்பினார்கள். மீந்ததை அலுவலகம் முழுவதும் வந்து தின்றது. இம்முறை அடக்கவிலை வரம்புக்குள் வந்து நின்றது. பிழை பிடிக்க ஒன்றுமில்லை. கன்டீன் பலகையில் யாரோ அதற்குள் சுண்ணக்கட்டியால் "நானா கறி" என்று எழுதிவிட்டார்கள். குரக்கன் பிட்டு தேர்வாகியிருந்தால் யாராவது என்னைச் சேர்த்து எழுதியிருப்பார்களா என்று யோசித்தேன். மாட்டார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பேனையை மூடினேன்.

கட்டுப்பாட்டு விலை இல்லாத பொருளால் செய்த உணவுக்கு கன்டீன் குழு தானே விலை குறிக்கலாமா என்பது தெளிவில்லை என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அது உண்மையில் தெளிவில்லாததுதான். இன்றும் அப்படியே சொல்வேன். பதில் வரும் வரை உணவைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

"அதுவரைக்கும் பரிசோதனை விற்பனை செய்யலாமே," என்றார் தலைமைக் கிளாக்கர். "உங்க ஒன்பதாவது விதியில இருக்கே."

இருந்தது. அடக்கவிலைக்கே விற்க வேண்டும் என்றும் இருந்தது. ஆகவே சோறில்லாத ஒவ்வொரு நாளும் நானா கறி இலாபமின்றி மலிவாக விற்றது. பக்கத்து ஊரான பலாபத்வலவின் வேலைத்தளத்து ஆட்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன்; வேறு உணவு இருக்கவில்லை. நானா என் தட்டைக் காணும்போதெல்லாம், "ஐயாவுக்கு இன்னொரு கரண்டி," என்று உள்ளே சொல்வார். வேண்டாம் என்று ஒருநாளும் எனக்குச் சொல்ல வாய்த்ததில்லை.

விலை குறிப்பது குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது, இதைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்று இரண்டு வரியில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அப்போது எல்லா நாளும் சோறு விற்கலாம் என்றாகியிருந்தது. நானா கறியைச் சோற்றோடு கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பதில் வந்த திகதி, தைப்பொங்கலுக்கு முந்திய நாள். வீட்டுக்குப் போனபோது வழக்கம்போல வாழ்த்து அட்டைகள் வந்திருந்தன.