கூறைச்சேலையின் முன்னால் உட்கார்ந்த நாய்

எண்பத்து நாலாம் ஆண்டு, ஆனி மாதம். புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையில் ஒரு நாயோடு எனக்கு வேலை. நயினாதீவுக்கு வள்ளம் ஏறுகிறவர்களின் பெட்டிகளிலும் பைகளிலும் கஞ்சா இருக்கிறதா என்று அந்த நாய் மணந்து பார்க்கும். அது லாப்ரடோர் இனம், பெட்டை, மஞ்சள் நிறம். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் பொலிஸில் சேர்ந்தவன். படித்தவன் என்பதால் நாய்ப் பிரிவுக்கு எடுத்தார்கள். அன்று நடந்ததை என் மனைவிக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் இனி அதிக நாளில்லை. எழுதி வைக்கிறேன்.

முதலில் நாயின் மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். குசினியில் மீன்குழம்பு கொதித்தால் எங்களுக்குக் குழம்பு மணக்கும். நாய்க்கு மீன் வேறு, புளி வேறு, வெந்தயம் வேறு, சட்டியைக் கழுவிய சாம்பல் வேறு. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று மறைக்காமல் வரும். மணத்தை அறியும் உயிர்க்கலங்கள் எங்களிடம் இருப்பதைவிட அதனிடம் பல மடங்கு அதிகம். உள்ளே போகும் காற்றில் ஒரு பங்கு சுவாசத்துக்குப் போக, இன்னொரு பங்கு மூக்கின் பின்புறத்திலுள்ள மடிப்புகளுக்குள் போய் அங்கே தங்கும். வெளிவிடும் மூச்சோ மூக்கின் பக்கத்து வெட்டுகளால் வெளியேறும். அதனால் வெளியே போகும் காற்று வரும் மணத்தைக் கலைப்பதில்லை. ஒரு செக்கனுக்குள் ஐந்தாறு தரம் மோப்பம் இழுக்கும். பெட்டி பூட்டியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கீல், ஓட்டை, தையல் என்று எங்கே காற்றுக் கசிகிறதோ அங்கே போய் நிற்கும்.

ஆனால் கஞ்சா என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. சட்டமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு சுருட்டிய துவாய்த்துண்டு. அந்தத் துவாயை இழுத்து விளையாடுவது அதற்கு உயிர். பயிற்சியில் நாங்கள் செய்வது இவ்வளவுதான்: குறிப்பிட்ட மணத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் உட்கார்ந்தால், அந்தக் கணமே துவாய் வந்து விழும். பிந்திப் போட்டால் நாய் வேறெதையாவது படித்துவிடும். வரிசையாகப் பத்துப் பெட்டி வைப்போம். ஒன்றில்தான் சரக்கு. மற்றவற்றில் ஒன்றுமில்லை, அல்லது சோறு, சவர்க்காரம், சுருட்டு என்று ஏய்க்கிற மணங்கள். அவற்றின் முன்னால் உட்கார்ந்தால் துவாய் இல்லை. இப்படித்தான் எதை விடவேண்டும் என்பதை நாய் கற்கும்.

மாதிரிச் சரக்கைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால் எடுக்கவேண்டும். அதைச் சுற்றும் பொதியை அடிக்கடி மாற்றவேண்டும். வெறும் பொதியையும் வெறும் பெட்டியொன்றில் வைக்கவேண்டும், நாய் பொதியைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. சரக்கு எங்கே இருக்கிறதென்று நாயைப் பிடிக்கிறவனுக்கே தெரியாமல் வேறொருவர் ஒளித்து வைக்கவேண்டும், அவனுடைய நடையும் பார்வையும் நாய்க்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக. இதெல்லாம் பயிற்சிக் கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்தவைதான். தீவுக்கு வந்தபின் ஒவ்வொன்றாக விட்டேன். கேட்க ஆளில்லை. மாதிரிச் சரக்கை ஒரு துணிப்பையில் கட்டி, என் சீருடை அலுமாரியின் அடித்தட்டில் பூட்டி வைத்தேன். மனைவி அந்த அலுமாரிக்குள் கைநிறையப் பூச்சி உருண்டை போட்டிருந்தாள். உப்புக் காற்றில் துணி இற்றுப்போகிறது, மிச்சத்தைப் பூச்சியாவது தின்னாமலிருக்கட்டும் என்பாள். ஆறு மாதம் தினமும் அந்தப் பையை எடுத்து ஒளித்தேன். மற்றப் பெட்டிகளை வெறுமையாகவே வைத்தேன்.

அன்று காலை ஒரு கலியாணக் கூட்டம் துறைக்கு வந்தது. வேலணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார். பெண் நயினாதீவு. அம்மன் கோயிலில் பத்தரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளையின் தகப்பன் தெற்கே கடை வைத்திருந்தவர். முந்திய வருடத்து ஆடிக் கலவரத்தில் கடையோடு எல்லாம் எரிந்து, அகதிக் கப்பலில் வந்து இறங்கி, சில மாதத்தில் இறந்துபோனார். துடக்குக்காகக் கலியாணம் தள்ளிப்போயிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் கண்டது ஒரு விதவைத் தாய், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஒரு மாப்பிள்ளை, அவனை அழைத்துப்போக வந்த பெண்ணின் தமையன், இருபது முப்பது சனம், ஒரு தகரப் பெட்டி.

வள்ளக்காரர் வழக்கம்போல் நாயைப் பார்த்துக் கத்தினார்.

“ஐயா, உவவுக்கும் ரிக்கற் எடுத்தாச்சோ? நேற்றும் சும்மாதான் ஏறினவ!”

“அவ அரசாங்க உத்தியோகத்தியல்லோ,” என்றார் கூட்டத்தில் ஒருவர். “உமக்கும் எனக்கும் கிடைக்காத வேலை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாய் வரிசையாகப் பைகளை மணந்துகொண்டு வந்தது. பலகாரப் பெட்டியைத் தாண்டியது. பூக்கூடையைத் தாண்டியது. தகரப் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் திரும்பி, கீலருகே மூக்கை வைத்து, வாலை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. துவாயைக் கேட்டது.

சிரிப்பு நின்றது.

“என்ன தம்பி, நாய் குந்தியிருக்குது?” என்று தாய் கேட்டார்.

“பெட்டியைத் திறவுங்கோ அம்மா.”

“உதுக்குள்ளை கூறை இருக்குது தம்பி. கோயிலடியிலைதான் திறக்கிறது.”

“திறக்கத்தான் வேணும்.”

அவர் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். திறந்தபோது குப்பென்று வந்தது பூச்சி உருண்டை மணம். என் மூக்குக்கே வந்தது. அந்த இடத்தில் ஒரு கணம் நின்றேன் என்பதை இன்று ஒளிக்காமல் எழுதவேண்டும். அந்த உருண்டையிலுள்ள நப்தலீன் எப்படி ஆவியாகித் துணியில் ஏறும் என்பது எனக்கு யாரும் படிப்பிக்கவேண்டியதல்ல. என் அலுமாரி நினைவில் வந்தது. வந்ததை அமத்திக்கொண்டு சேலையை விரித்தேன். சிவப்புப் பட்டு, அகலமான சரிகை. கடை எரிந்தபோது தகப்பன் கையோடு கொண்டுவந்த ஒரே பொருள் அது. ஒரு வருடமாகத் தாய் அதை அலுமாரியில் பக்குவமாக வைத்திருந்தார். துறையின் சீமெந்துத் தரையில், மீன் செதிலுக்கு நடுவில், அதை நான் மடிப்பு மடிப்பாக உதறினேன். ஒன்றுமில்லை. பெட்டியின் அடித்தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

“இப்ப என்ன?” என்றான் பெண்ணின் தமையன். அவன் கேட்டது என்னிடமில்லை, மாப்பிள்ளையிடம்.

“எனக்கென்ன தெரியும்? அது நாய்,” என்றான் மாப்பிள்ளை.

தமையன் என்னிடம் திரும்பினான். “ஐயா, நாய் பிழை விடுமோ?”

இருபது முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“விடாது,” என்றேன். “சரக்கை எடுத்தாலும் மணம் பெட்டியிலை நிக்கும். இருந்திருக்கு.”

எடுத்தபின்னும் மணம் நிற்கும் என்பது உண்மை. உண்மையான ஒரு விஷயத்தை வைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோனோம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான். வழக்கில்லை என்று விட்டபோது முகூர்த்தம் போய் ஆறு மணித்தியாலம்.

மறுநாள் விடிந்ததும், நிலையத்தின் பின்வளவில் ஆறு பெட்டி வைத்தேன். ஒன்றில் நீதிமன்றத்தால் அழிக்கச் சொல்லி வந்த சரக்கில் ஒரு துண்டு, அலுமாரியைக் காணாதது, புதுக் கடதாசியில். இன்னொன்றில் இரண்டு பூச்சி உருண்டை மட்டும். மற்றவை வெறும் பெட்டிகள். நாய் சரக்குக்கு உட்கார்ந்தது. பூச்சி உருண்டைக்கும் உட்கார்ந்தது, இன்னும் விரைவாக. பெட்டிகளை மாற்றி மாற்றி மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் அப்படித்தான். பயிற்சிக் கூடத்தில் படித்ததை அது மறக்கவில்லை. அதற்கு மேல் நான் படிப்பித்ததையும் ஒழுங்காகப் படித்திருந்தது.

அன்று பத்து மணியளவில் தாய் நிலையத்துக்கு வந்தார். தனியாக வந்தார்.

“தம்பி, பெண் வீட்டுக்காரர் இன்னும் முறிக்கேல்லை. யோசிக்கினம். நீர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். நாய் தவறிப் போச்செண்டு. நான் கொண்டுபோய்க் காட்டுவன்.”

“அப்பிடி எழுத ஏலாது அம்மா.”

“ஏன் ஏலாது? நாயும் ஒரு சீவன்தானே. எங்கடை நாய் சொந்தக்காரரையே கடிக்குது.”

“இது பழக்கின நாய்.”

“பழக்கினது ஆர்?”

“நான்தான்.”

“அப்ப உம்மைத்தானே தம்பி கேக்கிறன்.”

அந்த நாயை வைத்துப் பிடித்த இரண்டு வழக்குகள் நீதிமன்றத்தில் இருந்தன. பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருந்தது. அந்த வரியை எழுதினால் எல்லாம் கேள்விக்கு வரும். எழுதாததற்கு இவைதான் என் காரணங்கள். இன்று எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சிறியவை என்று தெரிகிறது. தாய் குடையை எடுத்துக்கொண்டு போனார். நாலாம் நாள் கலியாணம் முறிந்ததென்று வள்ளக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணைக் கொழும்பில் யாருக்கோ கொடுத்தார்கள். மாப்பிள்ளை அடுத்த மாதமே ஜெர்மனிக்குப் போய்விட்டான்.

நாயைத் திருத்துவது லேசாக இருந்தது. மாதிரிச் சரக்கை அலுமாரியிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தேன். வெறும் பெட்டிகளில் பூச்சி உருண்டை வைத்தேன். அவற்றுக்கு உட்கார்ந்தால் துவாய் இல்லை, கோபமுமில்லை, ஒன்றுமே நடக்காது. முதல் நாட்களில் உட்கார்ந்துவிட்டு என் முகத்தைக் கூர்ந்து பார்க்கும், மறந்துவிட்டாயா என்பதுபோல. மூன்று கிழமையில் அந்த மணத்தைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. யாருக்கும் நான் சொல்லவில்லை.

ஆவணி முடிவில் ஒரு நாள் அதே தாய் துறைக்கு வந்தார். கையில் அதே தகரப் பெட்டி. அன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற சனம். அவர் வரிசையில் நின்று, முறை வந்ததும் பெட்டியை நாயின் முன்னால் வைத்து, நான் கேட்காமலே மூடியைத் திறந்தார். அதே சிவப்புப் பட்டு. அதே பூச்சி உருண்டை மணம்.

“அம்மனுக்குச் சாத்தக் கொண்டுபோறன்,” என்றார். “மணந்து பாக்கட்டும்.”

நாய் மணந்தது. சேலையின் ஓரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்தவரின் பைக்குப் போய்விட்டது.

தாய் நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பெட்டி அதுதான். சீலை அதுதான். அண்டைக்கு இருந்த மணம் இண்டைக்கு எங்கை போச்சுது தம்பி?”

மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் என்ன செய்தேனென்று அவருக்கு விளங்கியிருந்தது. நாயை நான் திருத்தியதும், தன் மகன்மேல் விழுந்த பழியைத் திருத்தாமல் விட்டதும். அப்போதும் எனக்கு இடமிருந்தது. அந்த மகன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று துறையில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

“வள்ளம் வெளிக்கிடப் போகுது அம்மா,” என்றேன். “ஏறுங்கோ.”