சுட்ட பானெட்

என் மனைவிக்கு வாரம் இருமுறை திருச்சியில் டயாலிசிஸ். வழியில் நின்றுவிடாத கார் வேண்டும். புதுக்கோட்டையில் பழைய கார் விற்பவர் ஒருவரிடம், லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார் இருந்தது. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனில் சொல்லியிருந்தேன். வால்வில் கார்பன் அதிகம் படிந்த எஞ்சின், குளிர்ந்த நிலையில் கிளப்பினால் உதறும். சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விடியற்காலையில் மனைவியோடு போய் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

"வெயிலுங்க ஐயா" என்றார். கார் கொட்டகைக்குள் நின்றது.

"எஞ்சினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி வால்வைப் பாக்கணும். கூலி நான் தாரேன்."

"பொண்ணு பாக்க வந்துட்டு எக்ஸ்ரே கேக்குறீங்களே. டேங்க்ல கிளீனர் ஊத்திருக்கேன், கார்பனெல்லாம் போயிருச்சு."

அரசு அலுவலகத்தில் எத்தனையோ பொய்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். இவ்வளவு சோம்பேறித்தனமான பொய்யைக் கண்டதில்லை. இந்த எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டு போவதில்லை. கார்பன் அங்கே சேர்வதே அதனால்தான். டேங்கில் ஊற்றியது அந்த வால்வை எப்படிச் சுத்தம் செய்யும் என்று கேட்டேன்.

"இம்புட்டு யாரும் கேட்டதில்லைங்க" என்றார், என்னவோ நான்தான் தப்பு செய்ததுபோல.

அதற்குள் மனைவி அந்தக் காரின் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு. அவளை எழுப்பி இறங்கச் சொன்னேன். அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது அதற்காகத்தான்.