ம-வுக்கு அடுத்த கோடு

அந்த ஓலையை நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்க் கோயில் பூசாரி வீட்டு மரப்பெட்டியில் இருந்த ஓலைக்கட்டை எங்கள் சுவடி மையத்துக்காரர்கள் பல வருஷங்களுக்கு முன்பு போய்ப் படம் எடுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஓலைகள் மண்ணாகிப் போயிருந்தன. மிச்சம் இருந்தது திருச்சியில் எங்கள் கணினிக்குள் இருந்த படங்கள் மட்டும்தான்.

தொட்டியம் பக்கத்துக் கிராமம் அது. நான் பிறந்த ஊர். என் கணவருக்கும் அதுவே ஊர். அங்கே இரண்டு வகையறா உண்டு. முதலில் வந்து குடியேறியவர்கள் மாமன் வகையறா. அவர்கள் பெண் கொடுத்து ஊருக்குள் சேர்த்துக்கொண்டவர்கள் மருமகன் வகையறா. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்கள். நான் மாமன் வகையறாவில் பிறந்து மருமகன் வகையறாவில் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமானதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் மாமனாரோடு இருக்கிறோம்.

ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்குக் கட்டுவது என்று தகராறு கிளம்பியது. இரண்டு பக்கமும் தங்களுக்குத்தான் என்றார்கள். பழைய ஓலையில் எழுதியிருக்கிறது, திருச்சியில் படம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, கோயில் கமிட்டி எங்கள் மையத்துக்கு எழுதி, படத்தையும் படித்தெழுதிய பிரதியையும் கேட்டது.

அந்த வேலை என் மேசைக்கு வந்தது. இது என் ஊர், இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கையெழுத்தில் பழக்கம் உள்ளவர் நீங்கள்தான் என்றார். இரண்டாவதாகப் படிக்க இன்னொருவர் இருக்கிறாரே, அப்புறம் என்ன பயம் என்றார். கடைசியாக, "ரெண்டு பக்கமும் உங்க சொந்தம்னா நல்லதுதானே, ஒருதலைப்பட்சம்னு யாரும் சொல்ல முடியாது" என்று முடித்துவிட்டார்.

திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று எங்கள் அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்திருப்போம். அந்த அறையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினேன். ஓலையின் பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் வெளிச்சத்தை நேராக அடித்துவிட்டார்கள். எழுத்தாணிக் கீறல் ஆழமாகத் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழவேண்டும். மை நின்ற இடங்களில் எழுத்து பளிச்சென்று இருந்தது. மை போன இடங்களில் ஓலையின் நரம்பும் கீறலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

எனக்கு வேண்டிய வரி நான்காவது. 'பரிவட்டம் முன்னே' வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. அடுத்து ஒரு ம. அதை ஒட்டி ஒரு கோடு. கோட்டின் அடிப்பகுதியைப் பூச்சி தின்றிருந்தது. அதற்குப் பிறகு கயிறு கோக்கிற துளை, துளையைச் சுற்றிப் பெரிதாக ஓர் உடைசல். உடைசலுக்கு அப்பால் ன. பிறகு 'வகையாருக்கும் பின்னே' என்று ஓடி, வலது ஓரம் முறிந்து வரி நின்றுவிட்டது. பின்னே யாருக்கு என்பது முறிந்த துண்டோடு போய்விட்டது.

ஓலையில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். புள்ளியும் வைக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் கோடு காலாக இருந்தால் 'மா', சொல் 'மாமன்'. அதன் அடியில் சுழி இருந்து அது தின்னப்பட்டிருந்தால் 'மரு', சொல் 'மருமகன்'. உடைசலில் எத்தனை எழுத்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்தான். ஒன்று போயிருந்தால் மாமன், இரண்டு போயிருந்தால் மருமகன். ஆனால் துளையைச் சுற்றி எழுதுகிறவர் இடம் விட்டுத்தான் எழுதுவார். எவ்வளவு விட்டார் என்று மற்ற வரிகளில் அளந்து பார்த்தேன். ஒரு வரியில் தாராளமாக விட்டிருந்தார். ஒரு வரியில் துளையை உரசிக்கொண்டு எழுதியிருந்தார். அந்த வழியும் அடைத்துக்கொண்டது.

எங்கள் முறை எளிதானது. தெளிவாகத் தெரிகிற எழுத்தை அப்படியே எழுத வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் இருப்பதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். போய்விட்ட எழுத்து எத்தனை என்று தெரிந்தால் எழுத்துக்கு ஒரு புள்ளி, தெரியாவிட்டால் சிறு கோடுகள். ஊகம் எதுவானாலும் அடிக்குறிப்பில்தான், வரிக்குள் வரக்கூடாது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அடைப்புக்குள் ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டாக வேண்டுமே. காலைப் போட்டால் என் பிறந்த வீட்டுக்கு ஓட்டுப் போட்ட மாதிரி. ருவைப் போட்டால் புகுந்த வீட்டுக்கு. படத்தின் நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தேன். கறுப்பைக் கூட்டிப் பார்த்தேன். ஒருநாள் கோட்டின் அடியில் சுழியின் தொடக்கம் தெரிந்தது. மறுநாள் பார்த்தபோது அது ஓலை நரம்பு. அதற்கடுத்த நாள் மறுபடியும் சுழி. என் கண்ணை நானே நம்ப முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய அவஸ்தையாக இருந்தது. அன்று காலை அண்ணன் போன் பேசியிருந்தால் எனக்கு எது தெரிகிறது, வீட்டில் மாமனார் முகம் கொடுக்காமல் இருந்தால் எது தெரிகிறது என்று என்னையே வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

என்னிடம்தான் அந்த வேலை இருக்கிறது என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அண்ணன் தினமும் கூப்பிட்டான். முதலில் குழந்தைகளை விசாரிப்பான், பிறகு மெதுவாக அதற்கு வருவான். மாமனார் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். ஏதாவது சொல்வேனோ என்று காத்திருப்பார். நான் சமையலறைக்குப் போனதும் சத்தத்தைக் கூட்டுவார். என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஆபீஸில் வேலை அதிகம் என்றார். காலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும். சாயங்காலம் திரும்பி அதே பாலத்தில் ஏறும். எந்தக் கரையிலும் எனக்கு இறங்கப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வாசிப்பைச் செய்தவர் என் சக ஊழியர். கடலூர்க்காரர், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவர். என் பிரதியைக் காட்டாமல் படத்தை மட்டும் அவரிடம் கொடுத்தார்கள். அவர் ருவை அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருந்தார். என் வரைவில் அன்றைக்குக் கால் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் காலைப் பார்த்தது பிறந்த வீட்டுப் பாசத்தாலா, இல்லை நிஜமாகவே அங்கே கால் இருக்கிறதா? அவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் யாரும் இல்லை, அவருக்கும் நிச்சயமில்லை. இதை எடுத்துக்கொண்டுதான் இயக்குநரிடம் போனேன்.

அவர் யோசித்தார். ஊர்க்காரர்களுக்கு அடைப்புக்குறியெல்லாம் புரியாது, பொருத்தமாகப் படுகிற சொல்லை வரியில் போட்டுவிட்டுச் சந்தேகத்தைக் குறிப்பில் சொல்லிவிடலாமே என்றார்.

"குறிப்பை யார் சார் படிப்பாங்க? வரியில இருக்கறதைத்தான் படிப்பாங்க" என்றேன்.

சரி, நீங்கள் எழுதுகிறபடியே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவருக்கு அது எளிதாக இருந்தது. எழுதியவள் என்ற இடத்தில் இருந்தது என் பெயர்.

கடைசியில் எழுதியது இதுதான்: முன்னே ம[ா/ரு] --- ன் வகையாருக்கும் பின்னே ---. கீழே குறிப்பில், ம-வை அடுத்த கோட்டின் அடி சிதைந்துள்ளது, காலா ருவா என்று படத்திலிருந்து முடிவு செய்ய இயலவில்லை, இழந்த எழுத்துகளின் எண்ணிக்கையும் தெரியவில்லை, வரியின் கடைசிப் பகுதி முறிந்துபோயிற்று, மூல ஓலை இப்போது இல்லை என்று எழுதினேன். எழுதும்போதே இதற்குப் பின்னே எனக்கு என்ன வரும் என்று தெரிந்துதான் இருந்தது.

கமிட்டியோடு அண்ணனும் மாமனாரும் ஒரே நாளில் மையத்துக்கு வந்தார்கள். கறுப்புத் துணி போட்ட அந்த அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். நான் திரையில் ஓலையைக் காட்டி ஒவ்வோர் எழுத்தாகக் கை வைத்துப் படித்தேன். கோட்டில் வந்து நின்றேன். துளையைக் காட்டினேன். முறிந்த ஓரத்தைக் காட்டினேன்.

மாமனார் பிரதியைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். பிறகு அமைதியாக, "அடைப்புக்குள்ள காலைத்தானேம்மா முன்னாடி போட்டிருக்க?" என்றார்.

எது முன்னால் வந்தாலும் ஒன்றுதான் என்று சொன்னேன்.

அண்ணன் திரைக்கு முன்னால் வந்து நின்றான். "ஒரு எழுத்து. நீ ஒரு எழுத்தைப் போட்டா ஊரே அமைதியாயிடும். உனக்கு அது கஷ்டமா?"

"அண்ணே, அங்க இல்லாததை நான் எப்படிப் போடுறது?"

அவன் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மாமனார் என்னோடு ஒரே பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினார். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒருவர் போனில் படங்கள் அனுப்பினார். தேரடியில் எதிரும் புதிருமாக இரண்டு ஃப்ளெக்ஸ். இரண்டிலும் எங்கள் மையத்தின் பிரதி என்று போட்டு அந்த வரியை அச்சடித்திருந்தார்கள். ஒன்றில் மாமன், இன்னொன்றில் மருமகன். அடைப்பையும் கோடுகளையும் இரண்டு பேருமே எடுத்துவிட்டிருந்தார்கள். மையத்திலிருந்து மறுப்புக் கடிதம் போயிற்று. அதை யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை.

விஷயம் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் வரை போனது. அங்கே அதிகாரி ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை, எங்கள் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கினாராம். அடைப்பையும் குறிப்பையும் படித்துவிட்டு, இதை வைத்து யாருக்கும் சாதகமாகச் சொல்ல முடியாது, ஒரு வருஷம் இவர்கள் மறு வருஷம் அவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் வருஷம் யார் என்பதில் மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். அந்த வருஷம் யாருக்கும் பரிவட்டம் கட்டாமல் பூசாரி அம்மன் வேலுக்குக் கட்டித் திருவிழாவை நடத்தினார். மறு வருஷத்திலிருந்து முறை வந்தது. சீட்டுக் குலுக்கித்தான் தொடங்கினார்கள்.

திருவிழாவுக்கு நான் போகவில்லை. பிறந்த வீட்டு வரிசையில் நிற்பதா, புகுந்த வீட்டு வரிசையில் நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமனார் மட்டும் போய்விட்டு வந்தார். கூட்டம் பரவாயில்லை என்றார். கொஞ்ச நாள் கழித்து டிவி சத்தம் பழைய மாதிரி ஆயிற்று.

அண்ணன் ரொம்ப நாள் போன் செய்யவில்லை. அவன் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை என் கணவர் பெயருக்கு வந்தது, அத்தை என்று என் பெயரைப் போடவில்லை. போகலாமா வேண்டாமா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டிருந்துவிட்டு முந்தின நாள் ஒரு தோடு வாங்கி, காதுகுத்து அன்று போனேன். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள், ஓலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணி வந்து கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். குழந்தை வலியில் அழுதுகொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று வந்தவர்களை அனுப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பினான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

"சாப்பிட்டுப் போ" என்றான் பின்னாலிருந்து.

திரும்பிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.