தொண்டை அடைப்பான்

மழைக்கு முன்பே மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று பால்காரி புருஷனை நச்சரித்தாள். ஊசி போட வந்தவரை அவன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான்.

"ஊசி போட்டா பால் குறையும். போன வருஷம் போட்டோமே, போதாதா?"

முதல் மழை விட்ட காலையில் சினை எருமை தீவனத்தில் வாய் வைக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது, எச்சில் ஒழுகியது. மதியத்துக்குள் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. கால்நடை டாக்டர் வந்து மருந்து ஏற்றியும், பொழுது சாய்வதற்குள் செத்துவிட்டது.

"தொண்டை அடைப்பான்மா. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி போடணும். காய்ச்சல் இல்லாத மாடுங்களுக்கு இப்பவே போட்டுடலாம்."

"எல்லாம் உன் ராசி" என்று புருஷன் முணுமுணுத்தான்.

அவள் மிச்ச மாடுகளை ஒவ்வொன்றாய் இழுத்துப் பிடித்து ஊசி போடவைத்தாள். அதற்குப் பிறகு மாட்டு விஷயத்தில் அவள் அவனை எதுவும் கேட்டதில்லை.