பெற்றவர்கள் வைத்த பெயர்

தபால் ஆபீஸில் இன்று அரக்கு உருகிய வாசனை, அப்பாவின் தோள்பை வாசனை.

அந்தக் காலத்தில் அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தின் தபால்காரர். பையில் பஞ்சாங்கமும் இருக்கும். கடிதம் வாங்கும் கையோடு எல்லாரும் நல்ல நாள் கேட்பார்கள். பிறந்த நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை வைத்து ராசி பார்ப்பார்.

சுரங்க வேலைக்குப் புதிதாக வந்த வீராசாமி மாமா கேட்டார். “நாளைக்கு மொதல் தடவ ஷாப்டுக் குழில எறங்கலாங்களா அண்ணா?”

“‘வீ’ன்னா ரோகிணி, ரிஷப ராசி. நாளைக்குச் சந்திரன் மீனத்துல, உனக்குப் பதினொண்ணாம் எடம். தைரியமா போப்பா.”

மறுநாள் பாறை சரிந்து மாமாவின் கால் போயிற்று. அவர் மனைவி அழுதாள். “வீராசாமி அவங்க அண்ணன் பேருங்க. அந்தப் பேர்லதான் வேலைக்குச் சேந்தாரு. பெத்தவங்க வெச்சது முனியன்.”

‘மு’ என்றால் மகம், சிம்ம ராசி. மீனம் அதற்கு எட்டாம் இடம். சந்திராஷ்டமம், புதிதாக எதையும் தொடங்கக் கூடாத நாள். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே வெளுத்துப்போனார்.

அதன்பின் யார் கேட்டாலும், “பெத்தவங்க வெச்ச பேரு இன்னா?” என்பார். வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்த பலர் வேலை போய்விடுமென்று பயந்து திரும்பிவிடுவார்கள். ஷிப்டு முடிந்து அவர்கள் வீடு திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நிற்பார்.

அரக்கு ஆறிவிட்டது. குமாஸ்தா என் பெயரைக் கேட்டார். “பெத்தவங்க வெச்ச பேருங்களா?” என்று கேட்டுவிட்டேன்.