உப்புத் தண்ணீருக்கு யார் பேசினார்?

குப்பத்து ஆட்கள் கடலில் இருக்கும் நேரத்தில்தான் பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கும். மறுநாள் எழுத்தர் பட்டாபிராமன் தனியாக மணலில் நடந்து, தீர்மானப் புத்தகத்தைப் பார்த்து, வராதவர்களுக்குச் சுருக்கிச் சொல்வார். இருபது வருட வழக்கம். இந்த 1972-ஆம் வருடத்திலும் மாறவில்லை.

“பள்ளிக்கூடத்துகிட்ட கைப்பம்பு கேட்டு ஒன்றியத்துக்கு எழுதறாங்க. திருப்போரூர் சாலைக்குக் கப்பி போடறாங்க. வீட்டு வரி ஏறுது. ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க.”

மீன் கூடையோடு நின்ற ஆதியம்மாள் கேட்டாள்: “எங்க தெருவுல தண்ணி உப்பு கரிக்குது. அத யாரும் பேசலியா?”

“பதிவுல இல்லம்மா. உங்க ஆளுங்க யாரும் வரலியே.”

“நாங்க வரல, சரி. நீ அங்கதான இருந்த, கிளார்க்கய்யா?”

எழுத்தருக்குக் கூட்டத்தில் பேச இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். புத்தகம் முழுக்க அவர் கையெழுத்து. அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை.