சிவப்பு மை கேட்ட விடுகதை

பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியிலிருந்து சிறுவர்களுக்கென ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் பள்ளித் தலைவியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள். சீமையிலிருக்கும் அவருடைய தங்கை, வாசகசாலைப் புத்தகம் ஒன்றில் விடுகதைப் பக்கத்தைக் கண்டு, அதைக் கிழிக்கக் கூடாதாகையால் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தாள். உள்ளங்கையளவு அட்டை. எழுத்தெல்லாம் எறும்பு வரிசை.

தமிழ்ப் பண்டிதர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “இது தமிழுக்கு வராது” என்று கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“நான் கொண்டுவருகிறேன்” என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் கண்டவள் நான். அந்த வருஷம்தான் அங்கேயே ஆசிரியையாகியிருந்தேன். என்னால் ஆகாதது ஒன்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

மிஸ்ஸியம்மாள் சொன்னார்: “நன்றாயிருந்தால், இனி மாதந்தோறும் கடைசிப் பக்கம் உங்களுடையது. நன்றாயிராவிட்டால் அங்கே சோப்பு விளம்பரம் வரும்.”

முதல் விடுகதை: கறுப்பு, வெள்ளை, மேலெல்லாம் சிவப்பு, அது என்ன? விடை: பத்திரிகை. சொல்லுக்குச் சொல் எழுதி அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அச்சுக்கோக்கிற அண்ணாச்சியே மைக் கையோடு வந்து நின்றார்.

“வாத்தியாரம்மா, செவப்பு மை எங்கன இருக்கு? ரெண்டு மைன்னா தாளை ரெண்டு தடவை ஓட்டணும். மிஸ்ஸியம்மா சம்மதிச்சாச்சா?”

“எதுக்குச் சிவப்பு மை, அண்ணாச்சி?”

“நீங்கதானே எழுதியிருக்கீக, பத்திரிகை மேலெல்லாம் செவப்புன்னு! நம்ம பத்திரிகை கறுப்பா வந்தா, பிள்ளைக நம்மளைப் பொய்யன்னுல்லா சொல்லும்?”

பக்கத்தை மறுபடி பார்த்தேன். ‘ரெட்’ என்றால் சிவப்பு. வேறு எழுத்தில் அதே ‘ரெட்’, ‘படித்தாயிற்று’ என்பதற்கும் ஆகும். காதில் விழும்போதுதான் ஏமாற்று. கண்ணால் பார்த்து எழுதிய நான்தான் ஏமாந்தேன். “இன்னும் முடியலை அண்ணாச்சி, தாளைக் கொடுங்க” என்று வாங்கிக்கொண்டேன்.

அதற்குப்பின் அகராதியை மூடிவைத்தேன். கடிகாரத்துக்கு அவர்கள் ஊரில் கை இருக்கிறது. அந்தக் கையால் கழுவ முடியாதாம். நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஏது கை? முள்தானே. ‘முள் உண்டு, குத்தாது’ என்று எழுதினேன். அவர்கள் ஊசிக்குக் கண், பார்வை இல்லை. நம் ஊசிக்குக் காது. ‘காது உண்டு, கேளாது.’ ‘ரெட்’டை அடியோடு தூக்கிப் போட்டுவிட்டு, ‘படிக்கவும் ஆகும், தைக்கவும் ஆகும், அது என்ன?’ என்று எழுதினேன்.

மிஸ்ஸியம்மாள் போட்டோவையும் என் தாளையும் அருகருகே வைத்துச் சரிபார்த்தார். முகம் மாறியது.

“கண் என்பதைக் காது என்று எழுதியிருக்கிறீர்கள். கை என்பதை முள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சரீர சாஸ்திரம் கற்பிக்கவில்லையா?”

“ஞாயிற்றுக்கிழமை வேதபாடத்தில் ஓர் ஒட்டகம் வருமே, நம் தமிழ் வேதத்தில் அது ஊசியின் எந்த உறுப்பில் நுழையப் பார்த்தது, அம்மா?”

அவர் வாய்க்குள் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். “காது” என்றார் மெல்ல. ஆனாலும் விடவில்லை. “இந்த மூன்றாவது, மூலத்தில் இல்லவே இல்லை. இதை மொழிபெயர்ப்பு என்று எப்படிப் போடுவது?”

“பிள்ளைகளிடம் கேட்போம், அம்மா.”

அடுத்த அறையில் தையல் வகுப்பு. மிஸ்ஸியம்மாள் பின்னாலேயே வர, நானே போய் நின்று, “படிக்கவும் ஆகும், தைக்கவும் ஆகும், என்னட்டி அது?” என்றேன். ஒரு நிமிஷம் ஊசிகள் நின்றன. பின்வரிசையில் ஒருத்தி, “நூலு!” என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது.

மிஸ்ஸியம்மாள் சிரிக்கவில்லை. ஒரு பெண்ணின் மடியிலிருந்த நூற்கண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதை யார் படிப்பார்கள்?” என்று மெய்யாகவே கேட்டார்.

“ஐயோ, மிஸ்ஸியம்மா கண்டைப் படிக்காக!” என்று ஒருத்தி முணுமுணுக்க, இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக எழுந்தது. புத்தகத்துக்கும் நூல் என்றே பேர் என்று நான் விளக்கினேன். விளக்கி முடித்தபின் அவரும் கடமைக்காகச் சிரித்தார்.

“கடைசிப் பக்கம் உங்களுடையது” என்றார். நான் தரையில் நிற்கவில்லை. “ஆனால் தங்கைக்குக் கைம்மாறு செய்யவேண்டும். இந்த நூல் விடுகதையை இங்கிலீஷில் ஆக்கித் தாருங்கள், நாளைத் தபாலில் போகட்டும்.”

சாயங்காலம்வரை உட்கார்ந்தேன். அங்கே தைக்கிற நூலுக்கு ஒரு சொல், படிக்கிற நூலுக்கு வேறொரு சொல். இரண்டும் ஒன்றையொன்று கண்டதே இல்லை. வராது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒற்றை வரி விடுகதையை எழுதி, அதன்கீழ் அரைப் பக்கம் விளக்கம் எழுதி, சீமையார் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.